சிங்கப்பூரில் ஓவர்டைம் தவறான விகிதத்தில் பதிவானால் பாக்கியைக் கணக்கிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சம்பளம் தவறாக வந்திருக்கிறது என்று தெரிந்தால் பலரும் செய்வது ஒன்றுதான். சரியான விகிதத்துக்கும் தவறான விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, மொத்த மணிநேரத்தால் பெருக்கி, "இவ்வளவு பாக்கி" என்று அலுவலகத்தில் போய் நிற்பார்கள். தவறு ஒன்றே ஒன்றாக இருந்தால் அந்தக் கணக்கு சரியாக வரும். ஆனால் சில வாரங்கள் ஓடிய தவறு பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை. பழைய அடிப்படைச் சம்பளத்தில் ஓவர்டைம் போட்டிருப்பார்கள், அதோடு ஞாயிற்றுக்கிழமை வேலையையும் சாதாரண ஓவர்டைமாகவே பதிந்திருப்பார்கள். இரண்டும் கலந்துவிட்டால் வித்தியாசத்தைப் பெருக்கும் குறுக்குவழி தப்பான தொகையைத்தான் தரும்.

அதனால் இங்கே சொல்லப்போகும் முறை வேறு. அந்த மாதங்களுக்குச் சட்டப்படி வரவேண்டியதை முதலிலிருந்து புதிதாகக் கணக்கிட வேண்டும். கையில் வந்ததைக் கடைசியில் மொத்தமாகக் கழிக்க வேண்டும். நடுவில் தவறுகளை ஒவ்வொன்றாகத் திருத்தப் போகக்கூடாது.

யாருக்கு இந்தக் கணக்கு பொருந்தும்

சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டத்தின் நான்காம் பகுதிதான் வேலை நேரம், ஓவர்டைம், ஓய்வு நாள் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. வெல்டர், ஃபிட்டர், ஓட்டுநர், துப்புரவாளர், கட்டுமான ஊழியர் போன்ற உடலுழைப்பு வேலைக்காரர்களுக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளி வரை இருந்தால் அது பொருந்தும். மற்ற ஊழியர்களுக்கு வரம்பு 2,600 வெள்ளி. மேலாளர், நிர்வாகி வேலையில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்களுக்கும் இதே சட்டம்தான். வீட்டுப் பணிப்பெண்களும் கப்பல் மாலுமிகளும் இதில் வரமாட்டார்கள்.

முதலில் தாள்கள்

உங்களுக்கு நான்கு விஷயங்கள் வேண்டும். ஒப்பந்தம் அல்லது வேலை அனுமதிக்கு முன்கூட்டியே தரும் ஒப்புதலான ஐபிஏ கடிதம், அதற்குப் பிறகு சம்பளம் கூடியிருந்தால் அந்தக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வேலை நேரப் பதிவு. பணம் உண்மையில் எவ்வளவு வந்தது என்று பார்க்க வங்கிக் கணக்கு விவரமும் இருந்தால் நல்லது.

சம்பளச் சீட்டு கொடுப்பது 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். அதில் அடிப்படைச் சம்பளம் தனியாக இருக்க வேண்டும். ஓவர்டைம் மணிநேரம், ஓவர்டைம் தொகை, அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கானது என்பதும் இருக்க வேண்டும். அந்தத் தேதிகளைக் கவனமாகப் பாருங்கள். சம்பளம் 1ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை என்றும், ஓவர்டைம் மட்டும் 21 முதல் அடுத்த 20 வரை என்றும் வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. அதைக் கவனிக்காமல் செப்டம்பர் வேலையைச் செப்டம்பர் சீட்டோடு ஒப்பிட்டால் இல்லாத தவறெல்லாம் இருப்பதுபோலத் தெரியும்.

நேரப் பதிவு கம்பெனியிடம்தான் இருக்கிறது என்றால் கேட்டு வாங்குங்கள். வேலையில் இருப்பவர்களின் கடைசி 2 ஆண்டுப் பதிவுகளை முதலாளி வைத்திருக்க வேண்டும். இதற்கிடையே கைப்பேசியில் நேர அட்டையைப் படம் எடுத்து வைப்பதும், சூப்பர்வைசர் "நாளை ஞாயிறு வேலை உண்டு" என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைப்பதும் முக்கியம். அந்தச் செய்தியின் மதிப்பு ஞாயிற்றுக்கிழமைக் கணக்குக்கு வரும்போது தெரியும்.

மூன்று விகிதங்கள்

அடிப்படைச் சம்பளம் என்பதில் ஓவர்டைம், போனஸ், சாப்பாட்டுப் படி, தங்குமிடப் படி போன்றவை சேராது. ஒப்பந்தத்தில் அடிப்படை என்று தனியாக எழுதியிருக்கும் தொகை மட்டும்தான். பலருக்கு மொத்தச் சம்பளம் 1,500 வெள்ளி என்று மனதில் இருக்கும், சீட்டைப் பார்த்தால் அடிப்படை 1,000தான் இருக்கும். ஓவர்டைமை அந்த 1,000ஐ வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

எண்கள் உடையாமல் வருவதற்காக அடிப்படைச் சம்பளம் 1,144 வெள்ளி என்று ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். வேலை செய்பவர் ஒரு வெல்டர். திங்கள் முதல் வெள்ளி வரை 8 மணி நேரம், சனிக்கிழமை 4 மணி நேரம், ஆக வாரம் 44. ஞாயிறு ஓய்வு நாள். எக்ஸெல்லில் இப்படிப் போடலாம்:

```
=12*1144/(52*44)
=12*1144/(52*6)
```

முதல் வரி ஒரு மணி நேர விகிதம்: 6.00 வெள்ளி. ஆண்டுச் சம்பளத்தை 52 வாரம், வாரம் 44 மணி நேரம் என்று பிரிக்கிறோம். இரண்டாவது வரி ஒரு நாள் விகிதம்: 44.00 வெள்ளி. அதில் உள்ள 6 என்பது வாரத்தில் வேலை நாட்களின் எண்ணிக்கை. சனிக்கிழமை அரை நாள்தான் என்றாலும் அது ஒரு வேலை நாள்தான். ஓவர்டைம் விகிதம் மணி நேர விகிதத்தின் ஒன்றரை மடங்கு: 9.00 வெள்ளி.

ஓவர்டைம் என்பது ஒரு நாளில் 8 மணி நேரத்தைத் தாண்டியது, அல்லது வாரத்தில் 44 மணி நேரத்தைத் தாண்டியது. ஐந்து நாள் முழுக்க வேலை செய்துவிட்டுச் சனிக்கிழமை 6 மணி நேரம் நின்றால் அந்த நாளில் 8ஐத் தாண்டவில்லை, ஆனால் வாரக் கணக்கில் 2 மணி நேரம் கூடுகிறது. இந்த இரண்டு மணி நேரம் காணாமல் போவது அடிக்கடி நடக்கிறது. சாப்பாட்டு இடைவேளை வேலை நேரத்தில் சேராது என்றால் அதைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். காலை 8 முதல் மாலை 7 வரை, நடுவில் ஒரு மணி நேர இடைவேளை என்றால் வேலை 10 மணி நேரம், ஓவர்டைம் 2.

தவறு எங்கே என்று சீட்டிலிருந்தே கண்டுபிடிப்பது

பாக்கியைக் கணக்கிடுவதற்கு முன்னால், கம்பெனி எந்த விகிதத்தைப் பயன்படுத்தியது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது நல்லது. பாக்கித் தொகைக்கு இது தேவையில்லை. ஆனால் கணக்குப் பிரிவில் பேசும்போது "தப்பு" என்று சொல்வதைவிட, "நீங்கள் பழைய சம்பளத்தில் போட்டிருக்கிறீர்கள்" என்று சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்.

சீட்டில் உள்ள ஓவர்டைம் தொகையை ஓவர்டைம் மணிநேரத்தால் வகுங்கள். நம் வெல்டரின் 2025 செப்டம்பர் சீட்டில் 58 மணி நேரத்துக்கு 456.75 வெள்ளி இருக்கிறது. வகுத்தால் 7.875. இது 9.00 இல்லை. ஒன்றரையால் வகுத்தால் 5.25. அதை மாதச் சம்பளமாக மாற்ற, 52ஐ 44ஆல் பெருக்கி வரும் 2288ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க வேண்டும்:

```
=456.75/58/1.5*2288/12
```

விடை 1,001. இவருடைய பழைய அடிப்படைச் சம்பளம் 1,001 வெள்ளி. செப்டம்பர் 1 முதல் 1,144 ஆகக் கூடியது. சீட்டில் அடிப்படை 1,144 என்று சரியாக ஏறியிருக்கிறது, ஆனால் ஓவர்டைம் விகிதத்தை மென்பொருளில் யாரும் மாற்றவில்லை. இரண்டும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும் நிரல்களில் இது நடக்கும்.

இதே வகுத்தலில் வேறு எண்கள் வந்தால் வேறு காரணங்கள் தெரியவரும். 8.25 வந்திருந்தால், மாதச் சம்பளத்தை 26 நாள், 8 மணி நேரம் என்று 208ஆல் வகுத்திருக்கிறார்கள். சட்டம் சொல்லும் முறையில் அந்த வகுக்கும் எண் 190.67தான் வரும். 6.00 வந்திருந்தால் ஒன்றரை மடங்கே போடவில்லை. எல்லா மணிநேரத்துக்கும் ஒரே விகிதம்தான் வருகிறது, ஆனால் அந்த மாதம் ஞாயிறு வேலையும் இருந்தது என்றால், அதுவே இன்னொரு தவறுக்கு அடையாளம்.

ஞாயிறும் தீபாவளியும்

பணம் அதிகம் தவறிப்போவது இங்கேதான். ஓய்வு நாள் வேலைக்குச் சட்டம் மணி நேரக் கணக்கில் கூலி தருவதில்லை, நாள் கணக்கில் தருகிறது. முதலாளி கேட்டு ஓய்வு நாளில் வேலைக்கு வந்தால், வழக்கமான ஒரு நாள் வேலை நேரத்தில் பாதி வரை, அதாவது 4 மணி நேரம் வரை, ஒரு நாள் சம்பளம். பாதியைத் தாண்டினால் இரண்டு நாள் சம்பளம். 8 மணி நேரத்தையும் தாண்டினால், இரண்டு நாள் சம்பளத்தோடு தாண்டிய மணிநேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம்.

நம் கணக்கில் இது 4 மணி நேரம் வரை 44 வெள்ளி, அதற்கு மேல் 88 வெள்ளி, 8 மணி நேரத்துக்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் 9 வெள்ளி. நான்கு மணி நேரத்தில் கிளம்பினவருக்கும் நாலே கால் மணி நேரம் நின்றவருக்கும் 44 வெள்ளி வித்தியாசம் வந்துவிடுகிறது. அதனால் ஞாயிறு நேரப் பதிவில் நிமிடத்தைக்கூட விடாதீர்கள், அரை மணிக்கு முழுமையாக்கிப் போடுவதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஊழியரே கேட்டு வேலைக்கு வந்ததாக இருந்தால் தொகை பாதியாகக் குறையும்: அரை நாள் வரை அரை நாள் சம்பளம், அதற்கு மேல் ஒரு நாள் சம்பளம். யார் கேட்டது என்பதில்தான் பிறகு தகராறு வரும். மேலே சொன்ன வாட்ஸ்அப் செய்தி இதற்குத்தான். "என் விருப்பத்தில் வேலை செய்கிறேன்" என்று அச்சிட்ட தாளில் கையெழுத்துக் கேட்டால், உண்மையில் நீங்கள் கேட்டீர்களா என்று ஒருமுறை யோசித்துவிட்டுப் போடுங்கள்.

ஓய்வு நாள் ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஷிஃப்டில் வேலை செய்பவர்களுக்கு மாதம் தொடங்குவதற்கு முன் கொடுக்கும் பட்டியலில் எந்த நாள் ஓய்வு என்று இருக்கிறதோ அதுதான் கணக்கு.

பொது விடுமுறை நாளில் வேலை செய்தால் விதி வேறு. அந்த நாளுக்கான சம்பளம் மாதச் சம்பளத்திலேயே இருக்கிறது. அதற்கு மேல் கூடுதலாக ஒரு நாள் அடிப்படைச் சம்பளம். வழக்கமான நேரத்தைத் தாண்டினால் மட்டும் ஓவர்டைம். ஒப்பந்தம் இதைவிட அதிகம் தந்தால் ஒப்பந்தப்படி கேட்கலாம்.

எக்ஸெல்லில் ஓய்வு நாட்களை மட்டும் தனித் தாளில் வைத்து, D பத்தியில் மணிநேரத்தை இட்டால் இந்த ஒரு வரி போதும்:

```
=IF(D2=0,0,IF(D2<=4,44,88)+MAX(D2-8,0)*9)
```

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நம் வெல்டருக்கு 2025 செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் தவறாக வந்தது. நேர அட்டையை நாள் நாளாகப் பிரித்து, சாதாரண நாள் ஓவர்டைம், ஓய்வு நாள், பொது விடுமுறை என்று மூன்று வகையில் போட்டோம்.

செப்டம்பரில் சாதாரண நாட்களில் 40 மணி நேர ஓவர்டைம்: 360 வெள்ளி. 7ஆம் தேதி ஞாயிறு 8 மணி நேரம்: 88 வெள்ளி. 21ஆம் தேதி ஞாயிறு 10 மணி நேரம்: 88உம், 2 மணி நேரத்துக்கு 18உம் சேர்த்து 106 வெள்ளி. மொத்தம் 554 வெள்ளி வரவேண்டும்.

அக்டோபரில் சாதாரண நாட்களில் 36 மணி நேரம்: 324 வெள்ளி. 5ஆம் தேதியும் 26ஆம் தேதியும் தலா 8 மணி நேரம்: 176 வெள்ளி. 12ஆம் தேதி அவசரமாகக் கூப்பிட்டு 3 மணி நேரம்: 44 வெள்ளி. 20ஆம் தேதி திங்கள், தீபாவளி, 8 மணி நேரம்: கூடுதலாக 44 வெள்ளி. மொத்தம் 588 வெள்ளி.

கம்பெனி என்ன செய்தது? இந்த எல்லா மணிநேரத்தையும் ஒரே ஓவர்டைமாகப் பதிந்து, பழைய 7.875 விகிதத்தில் கொடுத்தது.

| மாதம் | வரவேண்டியது | பதிவான மணிநேரம் | வந்தது | பாக்கி |
|---|---|---|---|---|
| செப்டம்பர் | 554.00 | 58 | 456.75 | 97.25 |
| அக்டோபர் | 588.00 | 63 | 496.13 | 91.87 |
| மொத்தம் | 1,142.00 | 121 | 952.88 | 189.12 |

பாக்கி 189.12 வெள்ளி. சதங்களை நடுவில் முழுமையாக்காமல், மாதத் தொகையில் மட்டும் முழுமையாக்கியிருக்கிறோம். 7.875ஐ 7.88 என்று முதலிலேயே மாற்றினால் 121 மணி நேரத்தில் அரை வெள்ளிக்கு மேல் நகர்ந்துவிடும். தொகை சின்னதுதான், ஆனால் "உங்கள் கணக்கும் எங்கள் கணக்கும் ஒத்துவரவில்லை" என்று திருப்பி அனுப்ப அது போதும்.

இப்போது அந்தக் குறுக்குவழியைப் போட்டுப் பாருங்கள். விகித வித்தியாசம் 1.125 வெள்ளி, 121 மணி நேரம், ஆக 136.13 வெள்ளி. 53 வெள்ளி குறைகிறது. ஞாயிறு வேலையின் நாள் கணக்கு அதில் வரவேயில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தீபாவளி நாளுக்குக் கம்பெனி 8 மணி நேர ஓவர்டைமாக 63 வெள்ளி கொடுத்திருக்கிறது. சட்டப்படி கூடுதலாக வரவேண்டியது 44. அந்த ஒரு நாளில் மட்டும் 19 வெள்ளி அதிகம் வந்திருக்கிறது. முதலிலிருந்து கணக்குப் போட்டதால் அது தானாகவே கழிந்துவிட்டது. அதை மறைத்து, பாதகமான நாட்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்டால், கணக்குப் பிரிவு அதைக் கண்டுபிடிக்கும்போது மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு பார்க்கும். நீங்களே காட்டிவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஓவர்டைமுக்கும் மத்திய சேமநிதி உண்டு, அதனால் பாக்கித் தொகைக்கும் உண்டு. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.

எப்படிக் கேட்பது

ஒரே தாளில் கேளுங்கள். மேலே உள்ள அட்டவணை, அதற்குக் கீழே ஓய்வு நாள், பொது விடுமுறை தேதிகள் மட்டும் மணிநேரத்தோடு, சம்பளம் கூடிய கடிதத்தின் தேதி. சாதாரண நாள் ஓவர்டைமை நாள் நாளாக அந்தத் தாளில் அடுக்க வேண்டாம், அதற்கு நேர அட்டையின் படம் போதும். நேரில் சொன்னாலும் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு பிரதி போகட்டும், தேதி பதிவாகும். எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்றும் எழுதுங்கள்.

பணம் தர ஒத்துக்கொண்டால், அடுத்த மாதச் சீட்டில் அது தனி வரியாக, எந்த மாதங்களுக்கான பாக்கி என்ற குறிப்போடு வர வேண்டும் என்று கேளுங்கள். நவம்பர் ஓவர்டைமோடு கலந்து ஒரே தொகையாகப் போட்டுவிட்டால் பாக்கி முழுதாக வந்ததா, நவம்பர் கணக்கு சரியா என்ற இரண்டையும் பார்க்க முடியாமல் போகும். பாக்கி வந்த மாதத்திலும் அதே வகுத்தலைச் செய்து பாருங்கள். பழைய தொகையைக் கொடுத்துவிட்டு மென்பொருளில் விகிதத்தை மாற்ற மறந்துவிடுவதும் நடக்கும். "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில், பணம் வங்கியில் ஏறும் முன் கையெழுத்துப் போடாதீர்கள்.

கொடுக்காவிட்டால்

ஓவர்டைம் சம்பளத்தைச் சம்பளக் காலம் முடிந்து 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். நம் உதாரணத்தில் செப்டம்பர் ஓவர்டைமுக்கு அக்டோபர் 14 கடைசி நாள், அக்டோபருக்கு நவம்பர் 14. காலக்கெடுவும் மாதத்துக்கு மாதம் இப்படித் தனித்தனியாகத்தான் ஓடும். வேலையில் இருந்தால் ஓராண்டுக்குள் முறையீடு செய்ய வேண்டும். வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதத்துக்குள். "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று இழுக்கும் கம்பெனியிடம் காத்திருக்கும்போது பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும்.

முறையீட்டை டாடம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும், வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் முத்தரப்பு அமைப்பிடம் இணையத்தில் பதிய வேண்டும். நேரடியாக வேலைவாய்ப்புக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போக முடியாது. அங்கே முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அந்த அறையில் உட்காரும்போது உங்களிடம் கேட்கப்படுவது எந்த மாதம், எவ்வளவு, எப்படி என்பதுதான். அந்த ஒரு தாள் அப்படியே அங்கும் உதவும். சமரசத்தில் ஒத்துக்கொண்ட தொகையை எழுத்தில் பதிவு செய்வார்கள். தேதியும் தொகையும் சரியா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், மொழி புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.

ஒத்துவரவில்லை என்றால் ஒரு பரிந்துரைச் சான்றிதழ் தருவார்கள். அது வழங்கப்பட்ட நாளிலிருந்து 4 வாரத்துக்குள் வேலைவாய்ப்புக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கைப் பதிய வேண்டும். 2017 ஏப்ரலில் தொடங்கிய மன்றம் அது. அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, உங்களுக்கும் முடியாது, கம்பெனிக்கும் முடியாது. நேர அட்டையும் சம்பளச் சீட்டும் அட்டவணையும்தான் பேச வேண்டும்.